எஞ்சின் ஓட்டத் தகுதி உண்டா?

மெர்வ் டிரான்டர் அந்தக் கடிதத்தை மேசையில் வீசிய வேகத்தில் லொரெட்டாவின் தேநீர் தளும்பி ரேடியோ மேல் சிந்தியது.

"படி. படிச்சிட்டுச் சொல்லு, இது மனுஷன் எழுதுனதா, மாடு எழுதுனதா?"

"மாடு இவ்வளவு நீளமா எழுதாது" என்று சொல்லிக்கொண்டே லொரெட்டா துணியைத் தேடினாள்.

வடக்கு ஆஸ்திரேலியாவில், வயல்களிலிருந்து குட்டி ரயில்களில் கரும்பு கொண்டுவரும் ஆலை ஒன்றின் போக்குவரத்து அறை அது. எந்தப் பண்ணையில் எத்தனை பெட்டி நிரம்பியிருக்கிறது, எந்த எஞ்சின் எந்தத் தடத்தில் வருகிறது, எது ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதெல்லாம் லொரெட்டாவின் வாயிலிருந்து ரேடியோ வழியாகப் போகும். பத்தொன்பது அரவைப் பருவம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தேய்த்தவள். போதாததற்குத் தொழிற்சங்கத்தின் பிரதிநிதியும் அவள்தான். ஆலையில் யாருக்கு மூக்கு ஒழுகினாலும் முதலில் அவளிடம்தான் வருவார்கள்.

மெர்வுக்கு ஒழுகியது மூக்கு இல்லை. மார்ச் மாதம் நிமோனியா வந்து, டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்து, பிழைத்தால் புண்ணியம் என்று வீட்டார் அழுது, ஒருவழியாகத் தேறி வந்திருந்தான். உள்ளூர் டாக்டரம்மா, 'வழக்கமான வேலைக்குத் தகுதியானவர்' என்று இரண்டு வரியில் சான்று கொடுத்துவிட்டாள். அரவை தொடங்க இருக்கிறது. எஞ்சின் டிரைவருக்கு அந்த ஆறு மாதம்தான் வருஷத்துச் சோறு. மற்ற ஆறு மாதம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் புல் வெட்டுவது. இந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது.

லொரெட்டா படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி கிளம்பியதை மறைப்பானேன். ஆலை சொல்லும் டாக்டரிடம் மெர்வ் போக வேண்டுமாம். அது இருக்கட்டும். பிறந்ததிலிருந்து இன்றுவரை எந்த டாக்டரிடம் எதற்காகப் போனான் என்கிற மொத்த விவரத்தையும் ஆலைக்குக் கொடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். அதுவரை வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாதாம். எதற்காக இந்தச் சந்தேகம் என்று ஒரு வரி? மருந்துக்கும் இல்லை.

"அடப்பாவி" என்றாள் லொரெட்டா. "இதுக்கு ஒன்னோட ஜட்டி சைஸையும் கேட்டிருக்கலாமே!"

மெர்வ் சிரிக்கவில்லை. ஆள் இளைத்திருந்தான். காக்கி அரைக்கால் சட்டைக்குள் இடுப்பு தனியாக ஆடியது.

"மெர்வ், நான் கேக்கிறேன். சங்கத்துக்காரியா இல்ல, சும்மா கேக்கிறேன். ஒடம்பு சரியாயிடுச்சா?"

"எருமை மாதிரி இருக்கேன்."

"தலை சுத்தல், மூச்சு வாங்கறது?"

"ஏய், நீயுமா? டாக்டரம்மா பாத்தாச்சு, எழுதிக் குடுத்தாச்சு. நீ என்ன அவளுக்கு மேல படிச்சிருக்கியா?"

வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு டாரில் நின்றிருந்தான். மெர்வின் எஞ்சினில் உதவியாள். தடம் மாற்றுவது, பெட்டிகளைக் கோர்ப்பது, கழற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு. முப்பது வயதிருக்கும். பெரிய உடம்பு, பேச்சு குறைவு. தாத்தாவின் தாத்தாவைப் பசிபிக் தீவு ஒன்றிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலில் அள்ளிக்கொண்டு வந்த வம்சம். மெர்வும் அவனும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள்.

"டாரில், நீ சொல்லு. ஆள் எப்படி இருக்கான்?"

டாரில் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான். அதில் பார்க்க ஒன்றுமில்லை; வழக்கமான சேறுதான்.

"நல்லாத்தான் இருக்கான், அக்கா" என்றான்.

லொரெட்டாவுக்கு அந்தப் பூட்ஸ் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த ஊரில் திருடனைக்கூட மன்னிப்பார்கள், கூட்டாளியைப் போட்டுக் கொடுத்தவனை மன்னிக்க மாட்டார்கள். அவனுக்கு மதுக்கடையில் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும், சாகும்வரை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவனிடம் ஒரு தடவை கேட்கலாம். இரண்டாம் தடவை கேட்பது அவமரியாதை. லொரெட்டா இரண்டாம் தடவை கேட்கவில்லை.

சங்கத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கிருந்த வழக்கறிஞர் பெண் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "ஆலை கேக்கவே கூடாதுன்னு நினைச்சுக்காதீங்க. எஞ்சின் ஓட்டற ஆள். அவரால ஆபத்து வருமோன்னு சந்தேகப்பட உண்மையான காரணம் இருந்தா, தங்களோட டாக்டர்கிட்டப் போகச் சொல்லலாம். செலவு அவங்களது. நியாயமான உத்தரவா இருந்து இவர் மறுத்தா வேலையே போயிடும், ஜாக்கிரதை. ஆனா கேக்கிறது அந்த வேலையோட நிக்கணும். பழைய கதை முழுக்கத் தோண்ட முடியாது. என்ன காரணம்னும் சொல்லணும். காரணமே சொல்லாம, சொந்த டாக்டர் தகுதின்னு எழுதினதை ஏன் நம்பலன்னும் சொல்லாம, வேலைக்குத் தயாரா நிக்கிறவரைச் சம்பளமில்லாம வீட்ல உக்கார வெச்சா, அது அவங்களுக்குத்தான் தலைவலி."

"அப்ப காரணம் என்னன்னு கேட்டாப் போதும்?"

"அதைத்தான் முதல்ல கேளுங்க."

ஹேமிஷ் லோரிங் பிரிஸ்பேனிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பணியாளர் மேலாளர். சட்டைக்கு இஸ்திரி, ஷூவுக்குப் பாலிஷ், வெயிலுக்கு முகம் மட்டும் இறால் மாதிரி சிவந்திருக்கும். கெட்டவன் இல்லை. ஊரைத் தெரியாதவன், அவ்வளவுதான். மெர்வுக்கு வந்த கடிதப் படிவம் அவன் முன்பு வேலை செய்த ஏதோ சுரங்கத்தில் பயன்படுத்தியது. பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தான்.

"காரணம் என்ன ஹேமிஷ்?" என்றாள் லொரெட்டா. மெர்வ் அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அவர் ரொம்ப நாள் லீவுல இருந்தார். ரயில் ஓட்டறார். பாதுகாப்பு..."

"லீவுல இருந்ததுதான் காரணமா? போன வருஷம் கொதிகலன்ல வேலை பாக்கிற ராய் முதுகு ஆபரேஷன் பண்ணிட்டு இதே மாதிரி வந்தார். அவர்கிட்ட ஆலை எதுவும் கேக்கலியே. மெர்வ் ஏதாவது தப்பா ஓட்டினானா?"

"இல்ல."

"மயங்கி விழுந்தான்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல. யாரும் எதுவும் சொல்லல."

"அவனோட டாக்டர் தகுதின்னு எழுதினது தப்புன்னு காட்ட உங்ககிட்ட ஒரு துண்டுக் காகிதம்?"

ஹேமிஷின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. "இல்ல."

"அப்ப இவனோட சின்ன வயசு அம்மை, பொண்டாட்டி பிரிஞ்சப்ப தூக்க மாத்திரை சாப்பிட்டது எல்லாம் உங்க மேசைக்கு எதுக்கு வரணும்? படுக்கையில விரிக்கவா?"

மெர்வ் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். லொரெட்டாவுக்கு நாக்கில் தேன் சொட்டிய மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு சுலபமாக ஒரு சண்டை வாய்த்ததில்லை.

ஹேமிஷ் பேனாவைக் கீழே வைத்தான். "சரி. படிவம் அதிகம்தான், ஒத்துக்கறேன். வாபஸ் வாங்கறேன். ஆனா லொரெட்டா, நிஜமாவே கேக்கிறேன். இவர் ஓட்டறது சைக்கிள் இல்ல. நான் என்னதான் கேக்கலாம்? எப்படிக் கேட்டா சரி?"

பதில் அவளுக்குத் தெரியும். போனை வைக்கும் முன் வழக்கறிஞர் பெண்ணே சொல்லியிருந்தாள். ஒரே ஒரு தாள் போதும். அதில் டிரைவர் என்னென்ன செய்கிறான் என்று எழுத வேண்டும்: எத்தனை மணி நேரம், எவ்வளவு பாரம், பெட்டிகளுக்கு நடுவே ஆள் நிற்கும்போது பின்னால் நகர்த்துவது எல்லாம். அதை அவனுடைய டாக்டரம்மாவுக்கே அனுப்பி, 'இந்த எஞ்சினை ஓட்ட இவருக்குத் தகுதி உண்டா?' என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். மெர்வே கையோடு கொண்டுபோய்க் கொடுத்திருப்பான். மறுக்க முகாந்திரமே இல்லை. வழக்கமான வேலை என்று எழுதிய டாக்டரம்மா, எது வழக்கம் என்று யோசித்தாளோ என்னவோ. தாளைப் பார்த்திருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பாள்.

"அதை உங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது என் வேலையில்ல" என்றாள் லொரெட்டா.

டிரைவர் இல்லாமல் அரவை தொடங்க முடியாது. கரும்பு விவசாயிகள் ஏற்கெனவே ஆலை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மெர்வ் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம், இடைப்பட்ட சம்பளமும் உண்டு என்று ஹேமிஷ் அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டான்.

மதுக்கடையில் அன்றைக்கு லொரெட்டாவை யாரும் பர்ஸைத் திறக்க விடவில்லை. 'படுக்கையில விரிக்கவா' என்பதை மெர்வ் ஏழெட்டுத் தடவை நடித்துக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் அவன் கதையில் ஹேமிஷின் மூஞ்சி இன்னும் கொஞ்சம் சிவந்தது. சிரிப்புச் சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

டாரில் தன் பீரை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்ச நேரம் தொலைக்காட்சியில் கால்பந்தைப் பார்த்தான்.

"அக்கா."

"சொல்லுடா."

"போன ஞாயித்துக்கிழமை படகுல..." என்றான். நிறுத்தினான். "மீன் ஒண்ணு மாட்டுச்சு. இவன் தூண்டிலைப் பிடிச்சுக்கிட்டே..."

"டேய் டாரில்!" மெர்வ் அங்கிருந்து கத்தினான். "அங்க என்னடா ஓதற? அக்காவுக்கு இன்னொரு கிளாஸ் வாங்கிட்டு வா!"

டாரில் அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது; நீயே கேட்டுவிடேன், நான் சொன்னதாக இருக்க வேண்டாம் என்பது போல. லொரெட்டாவுக்கு அது புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஆனால் ஊரே அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் ஜெயித்த வழக்கை யார்தான் கிளறுவார்கள்?

"மீன் தப்பிச்சிடுச்சாக்கும்" என்றாள். "எல்லா மீனும் தப்பிச்சதுதான் பெருசு. போ, போய் வாங்கிட்டு வா."

அவன் போனான்.

அரவை தொடங்கி மூன்றாவது வாரம். நல்ல வெயில். வெட்டுமுன் எரித்த கரும்பு வயல்களின் கரித்தூள் ஜன்னல் விளிம்பில் வந்து படிந்துகொண்டிருந்தது. மெர்வின் எஞ்சின், ஆற்றங்கரைப் பக்கக் கிளைத் தடத்தில் நிரம்பிய பெட்டிகளைக் கோர்க்கப் போயிருந்தது. டாரில் கைரேடியோவில் தூரம் சொல்லிக்கொண்டிருந்தான். லொரெட்டா ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டு, சான்ட்விச்சைக் கடித்தபடி வேறொரு எஞ்சினுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பின்னால வா மெர்வ். வா, வா. மெதுவா. நில்லு."

"நின்னாச்சு" என்றது மெர்வின் குரல்.

"கொக்கி கோணியிருக்கு. உள்ள போய் நேராக்கறேன். நகராத."

"நகரல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு டாரில், "மெர்வ்?" என்றான். கேள்வி கேட்கிற குரல். பயம்கூட இல்லை. அடுத்து, "மெர்வ், நில்..." என்றான். பிறகு இரும்பு இரும்போடு இடிக்கிற சத்தம். அந்தச் சத்தத்தை அவள் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பவள்.

"டாரில்" என்றாள் லொரெட்டா. "டாரில், பதில் சொல்லு. மெர்வ்! யாராவது சொல்லுங்கடா!"

எஞ்சினில் ஒரு ஏற்பாடு உண்டு. டிரைவர் ஒரு பொத்தானை அவ்வப்போது தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டாவிட்டால் தானே பிரேக் பிடிக்கும். அது பிடிக்கத்தான் செய்தது. ஆனால் மெர்வ் மயங்கி நெம்புகோல் மேல் சரிந்ததற்கும் பிரேக் பிடித்ததற்கும் இடையில் எஞ்சின் நகர்ந்தது ஒரு ஆள் நீளம்கூட இருக்காது. அந்த இடத்தில்தான் டாரில் நின்றிருந்தான்.

மெர்வ் அரை நிமிஷத்தில் கண்ணைத் திறந்துவிட்டான். அவன்தான் இறங்கிப் போய் முதலில் பார்த்தவன். பண்ணைக்காரர் ஒருவர் டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தபோது, மெர்வ் பெட்டிகளுக்கு நடுவே மண்டியிட்டு, செத்தவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தானாம்.

நிமோனியா நெஞ்சுத் துடிப்பில் கைவைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று டவுன்ஸ்விலில் கண்டுபிடித்தார்கள். படகில் ஒரு தடவை, வீட்டில் குளிக்கும்போது ஒரு தடவை, அவனுக்குக் கண் இருண்டிருக்கிறது. எஞ்சினை விட்டு இறக்கிப் புல் வெட்ட அனுப்பிவிடுவார்களே என்று டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. விசாரணைக்கு வந்த அரசு ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் சொன்னான். இனி சொல்லி என்ன?

டாரிலின் மனைவி நெரிடாவைப் பார்க்க லொரெட்டா போனாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அத்தைகள் அடுப்படியில் சட்டி சட்டியாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நெரிடா அவளைப் பின்வாசல் படிக்குக் கூட்டிப் போனாள்.

"அன்னிக்கு மதுக்கடைலேர்ந்து வந்து சொன்னான்" என்றாள் நெரிடா. அழுது ஓய்ந்த குரல். "லொரெட்டா அக்காகிட்ட சொல்லப் போனேன், சொல்ல முடியலன்னான். ஏண்டா முடியலன்னு கேட்டேன். அவங்க ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க, கெடுக்க மனசு வரலன்னான்."

லொரெட்டா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெரிடா திட்டியிருக்கலாம், செருப்பால் அடித்திருக்கலாம். அதற்குப் பதில், உள்ளேபோய் ஒரு தட்டில் சோறும் மீனும் போட்டுக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை.

அடுத்த வாரம் லொரெட்டா வேலையில் இருந்தபோதே அது நடந்தது. ஏதோ ஒரு எஞ்சினிலிருந்து, "பின்னால வா, வா, மெதுவா" என்று குரல் வந்தது. அவளுக்கு வாய் திறக்கவில்லை. இரண்டு ரயில்கள் ஒரே தடத்துக்கு வந்துகொண்டிருந்தன; பக்கத்து மேசைப் பையன் பாய்ந்து ரேடியோவைப் பிடுங்கி நிறுத்தினான். அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அரவை முடியப்போகும்போதுதான் திரும்பி வந்தாள். டாக்டரம்மா கொடுத்த இரண்டு வரிச் சான்று கைப்பையில் இருந்தது: 'வழக்கமான வேலைக்குத் தகுதியானவர்'.

ஹேமிஷ் எழுந்து நின்று வரவேற்றான். மெலிந்திருந்தான் அவனும். சான்றை வாங்கிப் படித்தான். பிறகு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு ரேடியோல நடந்தது பதிவாயிருக்கு. அதுதான் காரணம், மேலேயே எழுதியிருக்கேன். உங்க டாக்டர்கிட்டயே போகலாம், செலவு ஆலையோடது. டாக்டர் பதில் எழுதற வரைக்கும் சம்பளம் உண்டு. வேற எதையும் கேக்கல."

ஒரே ஒரு தாள். போக்குவரத்து அறையில் அவள் செய்கிற வேலைகள் வரிசையாக. கீழே ஒரே ஒரு கேள்வி: 'இந்த வேலையைச் செய்ய இவருக்குத் தகுதி உண்டா?' லொரெட்டா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை சொல்ல ஒரு எழுத்து இல்லை.

"இது சரியா இருக்கு" என்றாள். "இப்படித்தான் கேக்கணும்."

"தெரியும்" என்றான் ஹேமிஷ். "வக்கீல் சொல்லிக் குடுத்தார். அப்புறமா."

அவன் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள், மனசு ஆறியிருக்கும். அவன் தாளை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தான். அப்போதுதான் தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கவனித்தாள். அன்றைக்கு மெர்வ் உட்கார்ந்திருந்த நாற்காலி அது.

டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். மெர்வுக்குச் சான்று எழுதியதும் இதே கைதான். அதற்குப் பிறகு அவளும் யாரையும் சீக்கிரம் அனுப்புவதில்லை.

"போன தடவை தூக்கம் வருது, பசிக்குது, நல்லா இருக்கேன்னு சொன்னீங்க. நானும் எழுதினேன். இப்ப இதைப் பாக்கிறேன். ரேடியோல பேசற வேலை. ரெண்டு ரயில் ஒரே தடத்துல வந்தா நிறுத்த வேண்டியது நீங்க. லொரெட்டா, வேற ஏதாவது எங்கிட்ட சொல்லணுமா?"

ஆலையில் எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். 'எருமை மாதிரி இருக்கேன்னு சொல்லிட்டு வா, பாத்துக்கலாம்' என்று கொதிகலன் ராய் போனில் சொல்லியிருந்தான். அந்த நாற்காலியை விட்டால் அவளுக்கு வேறு வேலை தெரியாது. ஐம்பத்தாறு வயதில் எவன் கற்றுத் தருவான்? இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக் காலை அவள் தேநீர் அந்த மேசையில் இருக்கும்.

லொரெட்டா குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பின்னால வான்னு யாராவது சொன்னா எனக்குக் குரல் வரமாட்டேங்குது, டாக்டர்" என்றாள். "நேத்து வீட்ல ரேடியோவைப் போட்டுப் பாத்தேன். இன்னும் வரல."

டாக்டரம்மா பேனாவை எடுத்து, அந்த ஒரே கேள்விக்கு நேராக, 'இல்லை' என்று எழுதினாள்.